அடிபடாத விபத்துக்கும் ஒரு படிவம்

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் தவறாக இயங்கியோ, மேலிருந்து ஒரு பொருள் விழுந்தோ, யாருக்கும் அடிபடாமல் போனால் அதை ‘நியர் மிஸ்’ என்பார்கள். விபத்து நடக்கத் தேவையான எல்லாம் அங்கே இருந்திருக்கும். கையோ தலையோ மட்டும் அந்த நொடியில் அங்கே இருந்திருக்காது. தொழிலாளர் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 45001, காயம் ஏற்படாத இத்தகைய நிகழ்வையும் காயம் ஏற்பட்ட நிகழ்வைப் போலவே விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கான முதல் கருவி, நடந்ததைத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் நியர் மிஸ் படிவம்.

பல தொழிற்சாலைகளில் இந்தப் படிவம் உண்டு. உண்மையான பதிவுகள் குறைவு. அடிபட்டால் ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். அடிபடாவிட்டால் நடந்தது ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னால்தான் உண்டு. சொன்னால் என்ன கிடைக்கும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவர் கணக்குப் போடுகிறார். படிவத்தின் அமைப்பும், அதன் பிறகு நிர்வாகம் செய்யும் வேலையும் அந்தக் கணக்கை மாற்ற வேண்டும்.

தண்டிக்காதவரிடம் சொல்லும் முறை

இந்தச் சிக்கலுக்கு விமானத் துறை கண்ட தீர்வு, தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் வாஷிங்டன் அருகே உள்ள டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்தபோது மவுன்ட் வெதர் என்ற மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்க அனுமதி தந்தபோது எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதை விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இதே குழப்பத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில் மலையில் மோதாமல் தப்பியிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் மற்ற விமானிகளை எச்சரித்தது. வெளியே சொல்ல வழி இல்லாததால் டிடபிள்யூஏ விமானிகளுக்கு அது எட்டவில்லை.

இதன் பிறகு 1976-இல் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு, விமானிகளுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பிடம் தரப்படவில்லை. அந்த அதிகாரமே இல்லாத நாசாவிடம் தரப்பட்டது. அறிக்கை எழுதுபவரின் பெயரும் தொடர்பு விவரமும் படிவத்தின் ஒரு பட்டையில் மட்டும் இருக்கும். விவரம் கேட்டுத் தெளிந்ததும் அந்தப் பட்டையைக் கிழித்து, தேதி முத்திரையிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து நாட்களுக்குள் அறிக்கை தந்தவர், தெரியாமல் விதி மீறியிருந்தால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். வேண்டுமென்றே செய்ததற்கும், குற்றச் செயலுக்கும், விபத்தாக முடிந்ததற்கும் இந்த விலக்கு கிடையாது.

ஒரு தொழிற்சாலை தன் படிவத்தை வடிவமைக்கும்போது இதிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளலாம். படிவத்தை வாங்குபவர் தண்டிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. பெயர் தனியே கிழித்தெடுக்கத் தக்கதாக இருக்க வேண்டும். விலக்கு எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

தொழிலாளி எழுதும் பகுதி

படிவம் இரண்டு பகுதிகளாக இருப்பது நல்லது. முதல் பகுதி நிகழ்வைப் பார்த்தவருக்கு. இரண்டாவது பகுதி நிர்வாகத்துக்கு. முதல் பகுதியில் ஐந்து கேள்விகளுக்கு மேல் தேவையில்லை: எப்போது, எந்த இடம் அல்லது எந்த இயந்திரம், என்ன நடந்தது, என்ன ஆகியிருக்கலாம், உடனே என்ன செய்தீர்கள். இது ஐந்து நிமிடத்தில், ஷிப்ட் முடியும் அவசரத்திலும், நின்றுகொண்டே எழுதக் கூடியதாக இருக்க வேண்டும். தொழிலாளர்கள் பேசும் மொழியில் அச்சிட வேண்டும். தமிழகத் தொழிற்சாலைகளில் இப்போது அது தமிழோடு இந்தி, ஒடியா என்று பல மொழிகளாகவும் இருக்கும். எழுத இயலாதவர் சொல்ல, பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதி எழுதிக்கொள்ளலாம்.

எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். பல படிவங்களில் ‘காரணம்’ என்ற கட்டமும், அதன் கீழே ‘கவனக்குறைவு’, ‘விதிமீறல்’, ‘பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை’ என்று டிக் அடிக்கும் வரிசையும் இருக்கின்றன. இதைப் பார்த்ததும் எழுத வந்தவர் பேனாவை மூடிவிடுவார். அல்லது பக்கத்து ஆள் மேல் டிக் அடிப்பார். காரணத்தைக் கண்டுபிடிப்பது இரண்டாம் பகுதியின் வேலை. முதல் பகுதியில் கண்ணால் கண்டது மட்டும் போதும்.

பெயர் எழுதுவது விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். ஆனால் பெயரே இல்லாத படிவத்தில் ஒரு குறை உண்டு: சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் கிழித்தெடுக்கும் துண்டு உதவுகிறது. படிவத்திலும் துண்டிலும் ஒரே வரிசை எண் இருக்கும். துண்டை எழுதியவர் வைத்துக்கொள்வார். தகவல் பலகையில் பெயர் வராது, எண் மட்டுமே வரும். பெயர் தந்தவரிடம் விவரம் கேட்கலாம். தராதவர் தன் எண்ணைப் பலகையில் பார்த்து, அங்கே ஏதாவது கேட்கப்பட்டிருந்தால் இன்னொரு சீட்டில் பதில் போடலாம்.

படிவத்தின் தலைப்பிலேயே, ஆலை மேலாளரின் கையெழுத்தோடு, இப்படி ஒரு வாக்குறுதி அச்சிடப்பட வேண்டும்: இதில் எழுதியதை வைத்து யாருக்கும் மெமோ தரப்படாது, சம்பளமோ ஊக்கத்தொகையோ பிடிக்கப்படாது; வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் குடித்துவிட்டு வேலை செய்வதற்கும் இது பொருந்தாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது உண்டு என்று தனியே எழுத வேண்டும். அவர்களுடைய பயம் மெமோ அல்ல. நாளைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவது. அதனால் ஒப்பந்தக்காரரோடு போடும் ஒப்பந்தத்திலும் இந்த நிபந்தனை இடம்பெற வேண்டும்.

ஒரு பதிவு, ஒரு பிரஸ்

வாகன உதிரிபாகம் செய்யும் பிரஸ் ஷாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகட்டை டையில் வைத்து, காலால் பெடலை மிதித்தால் ராம் இறங்கி வெட்டும். பிறகு மேலே போய் நிற்கும். இடுக்கியால் துண்டை எடுத்து அடுத்ததை வைக்க வேண்டும். அங்கே இரவு ஷிப்டில் வந்த படிவம் இப்படி இருக்கிறது என்று கொள்ளலாம்:

“ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும். 4-ஆம் நம்பர் பிரஸ். பெடல்ல இருந்து கால எடுத்துட்டேன், அப்புறமும் ராம் இன்னொரு தடவ இறங்கிடுச்சு. பீஸ் எடுக்கப் போன இடுக்கி நசுங்கிப் போச்சு. கையால எடுத்திருந்தா விரல் போயிருக்கும். மெயின் ஆஃப் பண்ணிட்டு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். போன வாரமும் ராம் மேல போய் சரியா நிக்காம கொஞ்சம் இறங்கி நின்னுச்சு.”

இந்தச் சில வரிகளில் விசாரணைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. கடைசி வாக்கியம் எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது. அச்சம் இல்லாதவர் மட்டுமே அதை எழுதுவார். போன வாரமே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று யாராவது ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த படிவத்தில் அப்படி ஒரு வாக்கியம் வராது.

பிரஸ் ஷாப்களில் இதை ‘டபுள் ஸ்ட்ரோக்’ என்பார்கள். பழைய வகை மெக்கானிக்கல் பிரஸ்களில் கீ கிளட்ச் என்ற அமைப்பு இருக்கும். ஃப்ளைவீல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்ததும் ஒரு கொக்கி விலகும். அதனால் சாவி போன்ற ஒரு துண்டு திரும்பி, ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் பூட்டிவிடும். ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் கொக்கி தன் ஸ்பிரிங்கின் விசையால் பழைய இடத்துக்கு வந்து, சாவியைப் பிடித்துத் திருப்பி, பூட்டை விடுவிக்க வேண்டும். அப்போது பிரேக் ஷாஃப்டைப் பிடித்து ராமை மேலே நிறுத்தும். ஸ்பிரிங் உடைந்தாலோ தளர்ந்தாலோ கொக்கியின் முனை தேய்ந்தாலோ சாவி விடுபடாது. ராம் மறுபடி இறங்கும். இந்த வகைக் கிளட்ச் ஒருமுறை பூட்டிவிட்டால் நடுவழியில் நிறுத்தவும் முடியாது.

நிர்வாகம் எழுதும் பகுதி

இரண்டாம் பகுதியின் முதல் கட்டம் உடனடி நடவடிக்கை. படிவம் வந்த ஷிப்டிலேயே அந்தப் பிரஸ்ஸின் மெயின் சுவிட்ச் பூட்டப்பட்டு, இயக்கக் கூடாது என்ற அட்டை தொங்க வேண்டும். நேரத்தையும் செய்தவர் பெயரையும் அங்கே குறிக்க வேண்டும். உற்பத்தி நிற்கிறதே என்று காலை வரை ஓட்டினால், அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதே சாட்சி.

இரண்டாவது கட்டம் தர வரிசை. 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு அலுவலர் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: மிக மோசமாக என்ன ஆகியிருக்கும்? மறுபடி நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தது ஓர் இடுக்கி நசுங்கியது மட்டும்தான். ஆனால் தரம் போடுவது ஆகியிருக்கக் கூடியதை வைத்து. விரலோ கையோ போயிருக்கும். ஸ்பிரிங் சரியில்லாத வரை எந்த நேரமும் மீண்டும் நடக்கும். எனவே இது மிக உயர்ந்த தரம். இதே கட்டத்தில் சட்டம் தொடர்பான ஒரு கேள்வியும் வேண்டும். சாதாரண நியர் மிஸ்ஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அபாயகரமான நிகழ்வு’ என்று விதிகளில் பட்டியலிடப்பட்டவற்றை, யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் தெரிவித்தாக வேண்டும். முன்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஏ பிரிவு இதைச் சொன்னது; இப்போது 2020-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதைச் சொல்கிறது. அழுத்தக் கலன் வெடிப்பது, கிரேன் சரிவது போன்றவை இதில் அடங்கும்.

மூன்றாவது கட்டம் காரணம். இங்கேதான் பெரும்பாலான படிவங்கள் தோற்கின்றன. சூப்பர்வைசருக்கு எளிய விடை ஒன்று தயாராக இருக்கும்: காலைப் பெடலிலேயே வைத்திருப்பான். எழுதியவர் காலை எடுத்ததாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று வழக்கு நடத்தத் தேவையில்லை. கால் பெடலிலேயே இருந்தாலும் ஒரு மிதிக்கு ஒரு முறைதான் ராம் இறங்க வேண்டும். அதற்கென்றே ஒற்றை ஸ்ட்ரோக் அமைப்பு என்று ஒன்று உண்டு. அது இந்தப் பிரஸ்ஸில் ஏன் இல்லை, அல்லது ஏன் வேலை செய்யவில்லை என்பதே கேள்வி. கழற்றிப் பார்த்தால் கொக்கியை இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கும். அது ஏற்கெனவே ஒருமுறை கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டியதாக இருக்கும். ராம் இறங்கி நின்றது பிரேக் லைனிங் தேய்ந்ததன் அடையாளம். அதைப் பார்க்கும் தினசரிச் சோதனைப் பட்டியலில் பிரேக் என்ற வரியே இருக்காது.

நான்காவது கட்டம் தீர்வு. ஒவ்வொரு தீர்வுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி; துறையின் பெயர் எழுதினால் போதாது. இந்தப் பிரஸ்ஸுக்கு முதல் தீர்வு ஸ்பிரிங்கையும் பிரேக் லைனிங்கையும் மாற்றுவது. ஆனால் அதோடு நின்றால் ஆறு மாதத்தில் இதே படிவம் திரும்பி வரும். இழுக்கும் வகை ஸ்பிரிங் உடைந்தால் விசை முழுவதும் போய்விடும். ஒரு கம்பியைச் சுற்றி அமைந்த, அழுத்தும் வகை ஸ்பிரிங் உடைந்தாலும் கம்பியை விட்டு விலகாமல் ஓரளவு தள்ளிக்கொண்டிருக்கும். எனவே அந்த வகைக்கு மாற்றுவதும் ஒற்றை ஸ்ட்ரோக் அமைப்பைப் பொருத்துவதும் இரண்டாவது தீர்வு. டையைச் சுற்றி விரல் நுழையாத தடுப்பு போட்டு, தகட்டைச் சறுக்கி உள்ளே தள்ளவும், வெட்டிய துண்டைக் காற்றால் ஊதி வெளியேற்றவும் வழி செய்வது மூன்றாவது தீர்வு. இயந்திரம் தவறினாலும் கை அங்கே இருக்காது என்பதால் இதுவே வலுவானது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கையை வைத்ததும் இயந்திரத்தை நிறுத்தும் லைட் கர்ட்டனைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கீ கிளட்ச் பிரஸ் நடுவழியில் நிற்காது. கர்ட்டன் கையைப் பார்த்தாலும் ராம் இறங்கியே தீரும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்சுக்கு மாறிய பிறகுதான் லைட் கர்ட்டனால் பயன். இந்த விவரம் தெரிந்த ஒருவர், மெயின்டனன்ஸ் ஃபிட்டரோ அனுபவமுள்ள ஆபரேட்டரோ, தீர்வு எழுதும்போது உடன் இருக்க வேண்டும்.

ஐந்தாவது கட்டம் பலர் விட்டுவிடுவது: இதே போல் வேறு எங்கே? 4-ஆம் நம்பர் பிரஸ்ஸைச் சரிசெய்துவிட்டு, அதே வரிசையில் நிற்கும் மற்ற கீ கிளட்ச் பிரஸ்களைப் பார்க்காமல் விட்டால் ஒரு படிவத்தால் ஓர் இயந்திரம் மட்டுமே திருந்தும். டிடபிள்யூஏ விமானத்துக்கு நேர்ந்ததும் இதுதான். பக்கத்தில் இருப்பவருக்குச் செய்தி போகவில்லை.

ஆறாவது கட்டம் சரிபார்ப்பு. தீர்வு முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவரே சரிபார்க்கக் கூடாது. 30 நாள் கழித்து வேறொருவர், முடிந்தால் இரவு ஷிப்டில், போய்ப் பார்க்க வேண்டும். தடுப்பு இடத்தில் இருக்கிறதா, வேலை மெதுவாகிறது என்று கழற்றி வைத்திருக்கிறார்களா? ராம் உச்சியில் சரியாக நிற்கிறதா? இதற்குப் பிறகே படிவம் மூடப்படும். வரிசை எண், நடந்தது, செய்தது, தேதி ஆகிய நான்கும் தமிழில் தகவல் பலகையில் ஏறும்.

பொய்ப் பதிவை அறிவது

1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு அலுவலர், ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயங்களும் காயமில்லாத 300 நிகழ்வுகளும் இருப்பதாக எழுதினார். இன்றும் பல தொழிற்சாலைச் சுவர்களில் இது முக்கோணப் படமாகத் தொங்குகிறது. சிறு நிகழ்வுகளில் பெரிய விபத்தின் முன்னடையாளம் இருக்கலாம் என்ற கருத்து பயனுள்ளது. எண்களை அப்படியே எந்தத் தொழிற்சாலைக்கும் பொருத்த முடியாது. அவருடைய மூலத் தரவுகளும் இன்று கிடைப்பதில்லை. எண்ணை நம்பி, ஆளுக்கு மாதம் இரண்டு நியர் மிஸ் கட்டாயம் என்று விதி போடும் நிறுவனங்கள் உண்டு. அங்கே படிவங்கள் குவியும், செய்தி இருக்காது.

அப்படிப்பட்ட பதிவுகளை அடையாளம் காண்பது எளிது. அவை மாதக் கடைசியில் கொத்தாக வரும். ஒரே கையெழுத்தில் ஐந்தாறு இருக்கும். ‘தரையில் எண்ணெய்’, ‘ஹெல்மெட் இல்லை’ என்றிருக்கும். இயந்திர எண்ணோ நேரமோ இருக்காது. எல்லாமே அடுத்தவர் செய்ததைப் பற்றி இருக்கும். எழுதியவர் தன் கை போன இடத்தைச் சொல்லும் பதிவு ஒன்றுகூட இருக்காது. இரவு ஷிப்டிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமிருந்தும் பதிவே வராவிட்டால், அங்கே பயம் இருக்கிறது என்று பொருள். நூறு நாள் விபத்தில்லை என்ற பலகைக்குப் பரிசு தரும் இடத்திலும் இதே நிலைதான். பரிசைக் கெடுத்தவர் என்ற பெயரை யாரும் வாங்க விரும்புவதில்லை.

நிர்வாகப் பகுதியிலும் பொய் உண்டு. தீர்வுக் கட்டத்தில் ‘அறிவுறுத்தப்பட்டது’, ‘கவனமாக இருக்கச் சொல்லப்பட்டது’ என்று எழுதியிருந்தால், அது தீர்வே அல்ல. அறிவுரை இல்லாமல் போனதால் ஸ்பிரிங் உடையவில்லை.

எனவே ஒரு தொழிற்சாலையில் இந்த முறை உண்மையில் நடக்கிறதா என்று அறிய, எத்தனை படிவங்கள் வந்தன என்று கேட்பதால் பயனில்லை. கடைசியாக மூடப்பட்ட பத்துப் படிவங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் எத்தனையில் ஓர் இயந்திரமோ தடுப்போ வேலை முறையோ மாறியிருக்கிறது, எத்தனையில் வேறொருவர் நேரில் போய்ச் சரிபார்த்திருக்கிறார் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை பாதிக்குக் கீழே இருந்தால், திருத்த வேண்டியது தொழிலாளியை அல்ல, படிவத்தின் இரண்டாம் பகுதியை.